ஒரு பலூன்... இரண்டு வார்த்தை... மூன்று நாள் யோசனை!

ஒரு பெண் தொலைபேசி ரிசீவரை வைக்கிறாள். முகம் வெளிறிப்போயிருக்கிறது. அவள் தலைக்கும் கட்டத்தின் ஓரக்கோட்டுக்கும் நடுவே சுரைக்காய் போல ஒல்லியாக, நீளமாக ஒரு பலூன். அதற்குள் இரண்டே இரண்டு வார்த்தை: ‘ஸா தூத்தோ.’

இது இத்தாலிய மொழி. ‘எல்லாம் தெரிந்துவிட்டது’ என்று பொருள். யாருக்குத் தெரிந்துவிட்டது? அதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. அவனுக்கா, அவளுக்கா? இத்தாலியத்தில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். வினைச்சொல்லும் ஆண், பெண் பார்க்காது.

இது 90 பக்கத்துக்கு மேல் ஓடும் ஒரு துப்பறியும் சித்திரக்கதையின் 12ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் மிரட்டிய ஆள் ஒரு பெண் என்பது கடைசிப் பக்கங்களில்தான் தெரியவரும். அதுவரை வாசகர் இரண்டு ஆண்களையும் சந்தேகப்பட வேண்டும், அந்தப் பெண்ணையும் சந்தேகப்பட வேண்டும். கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இப்போது இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் இப்படி ஒரு வாக்கியம் நிற்காது. ‘ஹீ நோஸ் எவ்ரிதிங்’ என்று எழுதினால் பொய். ‘ஷீ நோஸ் எவ்ரிதிங்’ என்று எழுதினால் 12ஆம் பக்கத்திலேயே கதை முடிந்துபோகும். சரி, என்னதான் எழுதுவது?

இத்தாலியக் காமிக்ஸை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளர்களின் வேலை இப்படித்தான் இருக்கும். சொல் தெரியவில்லையே என்ற பிரச்னை அவர்களுக்குக் குறைவு. தெரிந்த சொல்லுக்கு இடம் இல்லை என்பதுதான் பெரிய பிரச்னை.

புகையில் பிறந்த பெயர்

இத்தாலியர்கள் காமிக்ஸை ‘ஃபுமெத்தி’ என்கிறார்கள். ‘குட்டிப் புகைகள்’ என்று அர்த்தம். பாத்திரங்களின் வாயிலிருந்து புகை போலக் கிளம்பும் பலூன்தான் அந்தக் கலைக்கே பெயர் கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1908இல் தொடங்கிய ‘கோரியெரே தெய் பிக்கோலி’ என்ற சிறுவர் வார இதழ் அமெரிக்கச் சித்திரக்கதைகளை வெளியிட்டபோது பலூன்களை எடுத்துவிட்டது. படத்துக்குக் கீழே எதுகை வைத்த பாட்டு வரிகளாகக் கதையைச் சொன்னது. பலூனையே தூக்கிய நாடு, பின்னாளில் பலூனின் பெயரைக் காமிக்ஸுக்கு வைத்துவிட்டது!

இத்தாலியக் காமிக்ஸ் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் டெக்ஸ் வில்லர். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் வழியாக அவர் இங்கே பல தலைமுறைக்கு அறிமுகம். 1948இல் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் ஆரெலியோ கலெப்பினியும் உருவாக்கிய பாத்திரம் அது. மிலான் நகரத்து பொனெல்லி நிறுவனம் இன்றும் அவரைக் குதிரையில் ஓடவைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நிறுவனத்தின் புத்தகங்கள் கைக்கு அடக்கமானவை. அகலம் சுமார் 16 செ.மீ., உயரம் சுமார் 21 செ.மீ. ஒரு பக்கத்தில் மூன்று வரிசை, பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு கட்டங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பேர் பேசினால், ஒவ்வொருவர் பேச்சுக்கும் கிடைக்கும் இடம் ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான்.

எழுத்தைச் சின்னதாக்கினால் ஆகாதா?

‘இடம் பற்றவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட வேண்டியதுதானே?’ என்று தோன்றும். காமிக்ஸில் அது நடக்காது. அங்கே எழுத்தின் அளவும் ஒரு பேச்சு. பலூனில் எழுத்து சின்னதாக இருந்தால் அந்த ஆள் கிசுகிசுக்கிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பெரிதாக இருந்தால் கத்துகிறார். ஷெரீஃப் துப்பாக்கியை நீட்டி மிரட்டும் இடத்தில், இடம் போதவில்லை என்று எழுத்தைக் குறைத்தால், அவர் காதோடு ரகசியம் சொல்வது போல ஆகிவிடும்.

பலூனைப் பெரிதாக வரைந்தால்? படம் மறையும். பெரிதாக்கும்போது ஓவியர் வரைந்த கை, துப்பாக்கி, முகம் எதன்மேலாவது ஏறி உட்கார வேண்டியிருக்கும். சின்னதாக்குவது அதைவிடச் சிரமம். பழைய பக்கங்களில் பலூனும் ஓவியமும் ஒரே தாளில் இருக்கும். பலூனைச் சுருக்கினால் அதன் அடியில் படமே இருக்காது, வெறும் வெள்ளைதான். அந்த இடத்தை யாராவது புதிதாக வரைய வேண்டும். கணினியில் தனித்தனி அடுக்குகளாகத் தயாரான புதிய பக்கங்களில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

ஆகவே மொழிபெயர்ப்பாளருக்குப் பலூன் என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை. சட்டையை மாற்ற முடியாது. அதற்கேற்ற ஆளைத்தான் தேட வேண்டும்.

எங்கே நீளும், எங்கே சுருங்கும்?

பொதுவாக ஆங்கிலம் இத்தாலியத்தைவிடச் சுருக்கமான மொழி. நீளமான இத்தாலிய வாக்கியம் ஆங்கிலத்துக்கு வரும்போது பெரும்பாலும் இளைத்துத்தான் வரும். அப்போது பெரிய பலூனின் நடுவில் நாலு வார்த்தை, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போலத் தொளதொளவென்று கிடக்கும். அது கண்ணுக்கு உறுத்தும். ஆனாலும் சமாளிக்கலாம். ஒரு பெயரையோ ஒரு விளியையோ சேர்த்து நிரப்பிவிடலாம்.

சண்டை, ஓட்டம், பயம் ஆகிய இடங்களில்தான் நிலைமை தலைகீழாகிறது. அங்கே இத்தாலியர்கள் ஒற்றைச் சொல்லில் பேசுவார்கள். ‘அர்ரீவானோ!’ என்றால் ‘வந்துட்டாங்க!’ என்று பொருள். 8 எழுத்து. ஆங்கிலத்தில் ‘தே’ர் கமிங்’. எழுத்து 12, அதற்கு மேல் ஒரு மேற்கோள் புள்ளி, ஓர் இடைவெளி.

இன்னொன்று ‘தம்மெலோ!’ ‘அதை எங்கிட்ட கொடு’ என்ற முழு வாக்கியமும் 7 எழுத்தில் அடக்கம். ‘கொடு’, ‘எனக்கு’, ‘அதை’ மூன்றும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்வது இத்தாலியத்தின் வசதி. ஆங்கிலத்தில் நேராக எழுதினால் ‘கிவ் இட் டு மீ’. நான்கு சொல், 10 எழுத்து, மூன்று இடைவெளி. பலூன் வெடித்துவிடும்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டுப் படத்தைப் பார்ப்பார். பேசுவது ஒரு சிறுவனா? ‘கிம்மீ!’ போதும். ஐந்தே எழுத்து. பேசுவது போலீஸ் அதிகாரியா? அவர் வாயில் ‘கிம்மீ’ வந்தால் சிரிப்பு வரும். ‘ஹேண்ட் இட் ஓவர்’தான் சரி. ஆனால் அதுவும் 10 எழுத்து. இடமே இல்லை என்றால் ‘நவ்!’ என்ற ஒரு சொல் போதும். அதிகாரி கையை நீட்டியிருக்கிறார், எதிராளி கையில் கடிதம் இருக்கிறது. ‘அதைக் கொடு’ என்பதைப் படமே சொல்லிவிட்டது. அதட்டலை மட்டும் பலூன் சொன்னால் போதும்.

எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் பார்த்தாலும் போதாது. ஒல்லியான பலூனில் எது இடிக்கும் என்றால், வாக்கியத்தின் நீளம் அல்ல, அதில் இருக்கும் மிக நீளமான ஒற்றைச் சொல்தான். ‘எவ்ரிதிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 10 எழுத்து. அதை நடுவில் உடைத்துக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோவதை ஆங்கிலக் காமிக்ஸில் யாரும் விரும்புவதில்லை. வாசகரின் கண் அங்கே தடுக்கி விழும். ஆகவே ஒரு வரியில் ஆறு எழுத்துதான் கொள்ளும் பலூன் என்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே அனுமதியே இல்லை.

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகும்?

தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும் ஒரு சிக்கல் இது. இத்தாலியத்திலும் ‘நீ’, ‘நீங்கள்’ உண்டு. ‘தூ’ என்றால் நீ. ‘லேய்’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ‘யூ’தான்.

ஒரு கதையில் துப்பறிபவரும் ஒரு பெண்ணும் 40 பக்கம் ‘நீங்க, நீங்க’ என்று பேசிவருகிறார்கள். திடீரென்று அவள் ‘தியாமோச்சி தெல் தூ’ என்கிறாள். ‘இனிமே நாம நீ, வா, போன்னே பேசிக்கலாம்’ என்று அர்த்தம். நெருக்கம் தொடங்கும் இடம் அது. இதை ஆங்கிலத்தில் நேராக எழுதவே முடியாது. ‘யூ’வுக்குப் பதிலாக ‘யூ’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம்?

அதனால் வழக்கமாக ‘கால் மீ அன்னா’ என்பது போலத் தன் பெயரைச் சொல்லவைப்பார்கள். அதுவரை ‘மிஸ்’ என்று குடும்பப் பெயரோடு அழைத்தவர், அடுத்த பலூனிலிருந்து ‘அன்னா’ என்கிறார். இத்தாலிய வாக்கியம் 12 எழுத்து. இது 10 எழுத்து. இடமும் தாராளம், நெருக்கமும் கிடைத்துவிட்டது.

ஆனால் இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். முந்தைய 40 பக்கத்திலும் அவர் அவளை ‘மிஸ்’ என்றே அழைத்திருக்க வேண்டும். இத்தாலிய மூலத்தில் வெறும் ‘லேய்’ போதும் என்பதால் பல பலூன்களில் அந்த விளி இருக்காது. மொழிபெயர்ப்பாளர் இடமுள்ள இரண்டு மூன்று பலூன்களைத் தேடி அதை முன்கூட்டியே நட்டுவைக்க வேண்டும். கதையை முழுக்கப் படிக்காமல் முதல் பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்குபவர் 41ஆம் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்.

டுமீல் இங்கே... அங்கே?

தமிழில் துப்பாக்கி ‘டுமீல்’ என்று வெடிக்கும். கதவு ‘படார்’ என்று சாத்தும். ஆள் ‘தொபுக்கடீர்’ என்று விழுவார். ஒவ்வொரு மொழிக்கும் அதன் காது வேறு.

இத்தாலியத்தில் கதவைத் தட்டினால் ‘தோக் தோக்’. தொலைபேசி அடித்தால் ‘த்ரீன்’. நாய் குரைத்தால் ‘பௌ பௌ’. கதவு அறைந்து சாத்தினால் ‘ஸ்பாம்’. சேறு தெறித்தால் ‘ச்சாஃப்’. இவை பெரும்பாலும் பலூனுக்குள் இருப்பதில்லை. ஓவியத்தோடு ஓவியமாக, சாய்ந்தும் வளைந்தும் வரையப்பட்டிருக்கும். அதை அழித்தால் பின்னால் இருக்கும் சுவரையும் மரத்தையும் மறுபடி வரைய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், பணம் வேண்டும்.

அதனால் மூன்று வழிகள்தான் உண்டு. ஒன்று, அப்படியே விட்டுவிடுவது. இரண்டு, அப்படியே விட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கில ஒலியைப் போடுவது. மூன்று, அழித்துவிட்டு ஆங்கில ஒலியை வரைவது.

நல்ல மொழிபெயர்ப்பாளர் நான்காவதாக ஒரு குறுக்கு வழி தேடுவார். குறைந்த அறுவை சிகிச்சையில் காரியம் முடியுமா என்று பார்ப்பார். ‘ஸ்பாம்’ என்பதை இத்தாலியர் நான்கு எழுத்தில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கதவு சாத்தும் ஒலி ‘ஸ்லாம்’. அதுவும் நான்கு எழுத்து. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ‘பி’ இருக்கும் இடத்தில் ‘எல்’ போட்டால் வேலை முடிந்தது. ‘எல்’ ஒல்லி என்பதால் ‘பி’யின் வயிறு இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பின்னணியை வரைந்தால் போதும்.

‘த்ரீன்’ இன்னும் ருசியானது. ஆங்கிலத்தில் அது ‘ரிங்’. இத்தாலியச் சொல்லின் முன்னால் இருக்கும் ‘டி’யை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு ‘ஜி’ சேர்த்தால் ஆங்கிலத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ‘தோக் தோக்’ மட்டும் அடம்பிடிக்கும். ஆங்கிலத்தில் ‘நாக் நாக்’ 10 எழுத்து, இத்தாலியத்தில் 6 எழுத்துதான். அங்கே கடைசி ‘சி’யை ‘கே’ ஆக்கி ‘டோக் டோக்’ என்று விட்டுவிடலாம். கதவில் விரல் மடக்கித் தட்டும் படம் இருக்கும்போது வாசகருக்குப் புரியாமல் போகாது.

‘ச்சாஃப்’ என்பதை மட்டும் அப்படியே விடக் கூடாது. இத்தாலியர் அதை எழுதும் முறையில் ஆங்கில வாசகர் படித்தால் ‘சியாஃப்’ என்று வாசிப்பார். சேறு தெறிக்காது. அங்கே ‘ஸ்ப்ளாட்’ என்று மாற்றியே ஆக வேண்டும்.

சிரிப்பிலும் ஒரு கண்ணி

மிகச் சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கெடுக்கும் பிழை ஒன்று உண்டு. வில்லன் அட்டகாசமாகச் சிரிக்கிறான். இத்தாலியத்தில் அது ‘ஆ! ஆ! ஆ!’ என்று எழுதப்படும். இத்தாலியத்தில் ‘ஹெச்’ எழுத்துக்கு ஒலி கிடையாது. அது அங்கே உயிரெழுத்துக்குப் பின்னால் துணைக்கு நிற்கும். ‘மொழிபெயர்க்க என்ன இருக்கிறது, சிரிப்புதானே’ என்று அப்படியே விட்டால், ஆங்கில வாசகருக்கு அது சிரிப்பாகவே தெரியாது. விரலை ஆட்டி ‘அதெல்லாம் கூடாது’ என்று கண்டிப்பது போலவோ, டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவது போலவோ இருக்கும்.

எழுத்தைத் திருப்பிப்போட்டு ‘ஹா! ஹா! ஹா!’ ஆக்க வேண்டும். எழுத்து எண்ணிக்கை அதே. இடமும் அதே. ஆனால் அவசரத்தில் இதைத் தவறவிட்டால் கொடூர வில்லன் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிடுவார்.

இன்னொரு கண்ணி, திரும்பி வந்த சொற்கள். ‘கல்ப்’, ‘ஸாப்’, ‘ஸை’, ‘காஸ்ப்’ எல்லாம் ஆங்கில வினைச்சொற்கள். மிடறு விழுங்குவது, தேம்புவது, பெருமூச்சு விடுவது, மூச்சுத் திணறுவது. அமெரிக்கச் சித்திரக்கதைகள் இத்தாலிக்குப் போனபோது இந்தச் சொற்களும் கூடவே போயின. ஆங்கிலம் தெரியாத குழந்தைகள் அவற்றை ஒலி என்றே நினைத்துப் படித்தார்கள். நாளடைவில் அவை இத்தாலியக் காமிக்ஸின் சொந்தச் சொத்தாகிவிட்டன. 1977இல் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய், காமிக்ஸுக்கென்று நடத்திய நிகழ்ச்சிக்கே ‘சூப்பர்கல்ப்’ என்றுதான் பெயர்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சிக்கல். போன இடத்தில் அவற்றின் குணம் மாறியிருக்கிறது. இத்தாலியப் பாத்திரம் புதையல் பெட்டியைத் திறந்து பார்த்து ஆச்சரியத்தில் ‘கல்ப்!’ என்கும். ஆங்கிலத்தில் ‘கல்ப்’ என்றால் பயத்தில் எச்சில் விழுங்குவது. அப்படியே விட்டால் ‘ஏன் தங்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறான்?’ என்று வாசகர் குழம்புவார். ‘வோ!’ என்று மாற்றினால் ஆச்சரியம் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் ‘கல்ப்’பும் நான்கு எழுத்து, ‘வோ’வும் நான்கு எழுத்து. தேம்பலைக் குறிக்கும் ‘ஸாப்’ இன்னும் ஆபத்து. பெரிய எழுத்தில் அதைத் தனியாகப் போட்டால் ஆங்கிலத்தில் அது ஒரு கெட்ட வசவின் சுருக்கமாகவும் படிக்கப்படும்.

பீச் பழமும் மீன்பிடியும்

டிலன் டாக் என்ற புகழ்பெற்ற இத்தாலியத் திகில் தொடர் 1986இல் தொடங்கியது. எழுதியவர் திட்சியானோ ஸ்க்ளாவி. நாயகனின் உதவியாளர் க்ரௌச்சோ, ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸின் அச்சு. அதே மீசை, அதே சிலேடை. 1999இல் அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனம் அந்தத் தொடரை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, நடிகரின் உருவ உரிமையை மனதில் வைத்து அவருடைய மீசையை அழித்து, பெயரையும் ஃபெலிக்ஸ் என்று மாற்றினார்கள். அங்கே சொல் மட்டுமல்ல, முகமே மொழிபெயர்க்கப்பட்டது!

இப்படிப்பட்ட சிலேடைப் பாத்திரங்கள்தான் மொழிபெயர்ப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பவர்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். இத்தாலியத்தில் ‘பெஸ்கா’ என்றால் பீச் பழம். மீன்பிடித்தலும் ‘பெஸ்கா’தான். ஏரிக்கரையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ‘மீன் பிடிக்கப் பிடிக்குமா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘பெஸ்கான்னா உயிர்!’ என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துக் கடிக்கிறான்.

ஆங்கிலத்தில் பழம் வேறு, மீன்பிடித்தல் வேறு. ஜோக் செத்துவிட்டது. ஆனால் படத்தில் பழம் இருக்கிறதே! அதை என்ன செய்வது?

மொழிபெயர்ப்பாளர் ஒரு படி பின்னால் போவார். ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் பீச்சி’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. ‘ரொம்ப நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலுக்கு மீன்பிடிக் கேள்வி பொருந்தாது. எனவே கேள்வியை மாற்ற வேண்டும். ‘எவ்ரிதிங் ஆல்ரைட்?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘ஜஸ்ட் பீச்சி’ என்று சொல்லி அவன் பழத்தைக் கடிக்கிறான். மீன் போனது, பழம் நின்றது, சிரிப்பும் நின்றது. இத்தாலியப் பதிலான ‘அதோரோ லா பெஸ்கா’ 12 எழுத்து. ‘ஜஸ்ட் பீச்சி’ 10 எழுத்து. பலூனும் தப்பித்தது.

இதில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பின்னால் எங்காவது அந்த மீன்பிடிக் கேள்வியை யாராவது நினைவுபடுத்துகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பலூன் 60ஆம் பக்கத்தில் இருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

மறுபடியும் 12ஆம் பக்கம்

சரி, தொலைபேசியை வைத்த அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். ‘ஸா தூத்தோ.’ தமிழில் என்றால் கவலையே இல்லை. ‘எல்லாம் தெரிஞ்சுபோச்சு’ என்று எழுதிவிடலாம். யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மொழிபெயர்ப்பாளர் தாளில் எழுதி எழுதி அடிக்கிறார். ‘சம்ஒன் நோஸ்’, அதாவது யாருக்கோ தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, ஆனால் அவளுக்கு அது யார் என்று தெரியும். போனில் பேசியிருக்கிறாளே! ‘தே நோ’ என்றால் பல பேர் என்று ஆகிவிடும். ‘தி சீக்ரெட்ஸ் அவுட்’ என்றால் ஊருக்கே தெரிந்துவிட்டது போல இருக்கிறது. தவிர, ‘சீக்ரெட்ஸ்’ ஒல்லிப் பலூனில் நுழையாது.

கடைசியில் வாக்கியத்தைத் திருப்பிப்போடுகிறார். தெரிந்துகொண்ட ஆளை விட்டுவிட்டு, மாட்டிக்கொண்ட ஆள் பக்கம் போகிறார். ‘ஐ’வ் பீன் ஃபவுண்ட் அவுட்.’ நான் பிடிபட்டுவிட்டேன். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இடம்? ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நான்கு சொற்களில் மிக நீளமானது ‘ஃபவுண்ட்’, ஐந்தே எழுத்து. மூலத்தில் இருந்த ‘தூத்தோ’வும் ஐந்து எழுத்துதான். சொல்லுக்கு ஒரு வரி என்று நான்கு வரியாக அடுக்கினால் மூன்று, நான்கு, ஐந்து, மூன்று என்று எழுத்துகள் வரும். மேலும் கீழும் குறுகி நடுவில் அகன்ற உருவம். சுரைக்காய்ப் பலூனுக்குள் அளவெடுத்தது போல உட்கார்ந்துவிடும்.

வேலை இன்னும் முடியவில்லை. கதையின் கடைசியில் முகமூடி கழன்ற அந்த மிரட்டல்காரி சொல்வாள்: ‘ஸபேவோ தூத்தோ.’ எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 12ஆம் பக்கத்தின் எதிரொலி அது. இத்தாலிய வாசகருக்கு அங்கேதான் உடம்பு சிலிர்க்கும். ஆங்கிலத்தில் 12ஆம் பக்கத்தை மாற்றியாயிற்று. இங்கே நேராக மொழிபெயர்த்தால் எதிரொலி அறுந்துபோகும்.

எனவே அவள் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: ‘ஐ ஃபவுண்ட் யூ அவுட்.’ நான்தான் உன்னைக் கண்டுபிடித்தேன். அதே ‘ஃபவுண்ட்’, அதே ‘அவுட்’. சுருதி சேர்ந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் தன் பிரதியில் குறிக்கிறார்: பக்கம் 12, கட்டம் 4, பலூன் 1. பக்கத்தில் லெட்டரிங் செய்பவருக்கு ஒரு குறிப்பு: ‘நான்கு வரியாகப் பிரிக்கவும். எழுத்தைச் சின்னதாக்க வேண்டாம். அவள் கிசுகிசுக்கவில்லை.’

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தை வாசகர் இரண்டு நொடியில் படித்துவிட்டுத் திருப்பிவிடுவார். மிரட்டியது யார் என்று யோசித்துக்கொண்டே திருப்பினால் போதும்.